படிக்கும் காலத்து வட்டி அசலில் ஏறுவதற்கு முன்: பினாங்குக் குடும்பங்களுக்கு ஒரு கல்விக் கடன் வழிகாட்டி

கல்விக் கடன் கேட்டு வங்கிக்குப் போகும் பெற்றோருக்கு முதலில் காதில் விழும் நல்ல செய்தி, “பிள்ளை படிச்சு முடிக்கிற வரைக்கும் நீங்க ஒன்னும் கட்ட வேணாம்” என்பது. அது உண்மைதான், தவணை கேட்க மாட்டார்கள். ஆனால் பணம் கல்லூரிக்குப் போன நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடுகிறது. படிப்பு முடிந்து, சலுகைக் காலமும் முடிந்து, முதல் தவணை தொடங்கும் நாளில் அதுவரை சேர்ந்த வட்டி மொத்தமும் அசலோடு சேர்க்கப்படும். அன்றிலிருந்து அந்தப் பெரிய தொகைக்குத்தான் வட்டி.

2020 ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கிய ஆறு மாத மொராட்டோரியம் நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். தவணை நின்றது, வழக்கமான வங்கிக் கடன்களில் வட்டி நிற்கவில்லை. கல்விக் கடனிலும் அதே விதிதான் வேலை செய்கிறது, ஆனால் ஆறு மாதத்துக்குப் பதிலாக மூன்று, நான்கு வருடங்களுக்கு.

பி.டி.பி.டி.என். கடன் வேறு வகை. அதில் வருடத்துக்கு 1 விழுக்காடு உஜ்ரா எனும் சேவைக் கட்டணம் மட்டுமே. வங்கிக் கடனோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. பிள்ளைக்கு அது கிடைக்கும் என்றால் முதலில் அதை முழுமையாக எடுங்கள். அது போதாமல், தனியார் கல்லூரிக் கட்டணத்தின் மீதிக்கு வங்கியையோ கூட்டுறவுச் சங்கத்தையோ நாடும்போதுதான் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவைப்படும்.

கையெழுத்துக்கு முன்: ஆஃபர் லெட்டரில் எதைத் தேடுவது

கடன் பற்றிப் பேசும்போதே பி.டி.எஸ். எனப்படும் விவரத் தாளைக் கேட்டு வாங்குங்கள். வட்டி, கட்டணங்கள், தவணை எல்லாம் அதில் சுருக்கமாக இருக்கும். அதையும் ஆஃபர் லெட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று விஷயங்களை மட்டும் தேடுங்கள். மற்றவற்றைப் பிறகு படிக்கலாம்.

முதலாவது, பணம் எப்படி வெளியாகிறது. ஒவ்வொரு செமஸ்டரும் கல்லூரி பில் அனுப்பும்போது அந்தத் தொகை மட்டும் போகிறதா, மொத்தமும் ஒரே நாளில் போகிறதா? வெளியான பணத்துக்கு மட்டுமே வட்டி ஓடும். ஆகவே இந்த ஒரு வரிக்கு, கீழே நீங்கள் பார்க்கப்போவது போல, ஆயிரக்கணக்கான ரிங்கிட் மதிப்பு உண்டு.

இரண்டாவது, மொராட்டோரியம் எந்த நாளில் முடிகிறது. சில கடிதங்கள் “படிப்பு முடிந்து ஆறு மாதம்” என்று சொல்லும். சில, “முதல் பணம் வெளியான நாளிலிருந்து 42 மாதம்” என்று எண்ணைச் சொல்லும். மூன்று வருடப் படிப்பைப் பிள்ளை சரியான நேரத்தில் முடித்தால் இரண்டும் ஒன்றுதான். ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால் இரண்டாவது வகைக் கடிதம் உங்களுக்காகக் காத்திருக்காது. பிள்ளை இன்னும் வகுப்பில் இருக்கும்போதே தவணை கேட்கும். வேலை கிடைத்தவுடன் தவணை தொடங்கும், எது முந்தியோ அது, என்ற நிபந்தனையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, படிக்கும் காலத்து வட்டி எப்படிச் சேர்கிறது. தனிக்கணக்கில் ஒதுங்கி நின்று கடைசியில் ஒரே தடவை அசலில் ஏறுகிறதா, அல்லது மாதாமாதம் ஏறுகிறதா? முதல் வகை தனி வட்டி, இரண்டாவது கூட்டு வட்டி. அதிகாரி வாயால் சொன்னால் போதாது, எந்த வரியில் எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். “அண்ணே, இந்தப் பக்கத்துல எங்க இருக்கு?” என்று கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். இருபது வயதுப் பிள்ளை முப்பது வயது வரை சுமக்கப்போகும் கடன் அது.

இஸ்லாமிய வங்கி நிதியுதவியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முஸ்லிம் அல்லாதவர்களும் அதை எடுக்கலாம். ஷரியா விதிப்படி லாபத்தின் மேல் லாபம் ஏற்றக் கூடாது என்பதால், மொராட்டோரியக் காலத்தில் சேரும் லாபத் தொகை அசலாக மாறி மறுபடி லாபம் ஈட்டுவதில்லை. அதனால் அது எப்போதும் மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். லாப விகிதம் உயரமாக இருந்தால் மிச்சம் அங்கேயே கரைந்துவிடும். மாதத் தவணையையும் கடைசி வரை கட்டும் மொத்தத் தொகையையும் இரண்டு இடத்திலும் கேட்டு எழுதி வைத்து ஒப்பிடுங்கள்.

ஒரு கணக்கு, முதலிலிருந்து கடைசி வரை

பட்டர்வொர்த்தில் வீடு, தீவில் கல்லூரி, மூன்று வருடப் பட்டப்படிப்பு என்று வைத்துக்கொள்வோம். கடன் 60,000 ரிங்கிட். ஆறு செமஸ்டர், ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் 10,000. வட்டி வருடத்துக்கு 6 விழுக்காடு. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று இந்த விகிதத்தை எடுத்திருக்கிறேன். படிப்பு 36 மாதம், அதன்பின் சலுகை 6 மாதம், ஆக 42 மாதம் கழித்துத் தவணை தொடங்கும். தவணைக் காலம் 10 வருடம்.

10,000 ரிங்கிட்டுக்கு 6 விழுக்காடு என்றால் மாதம் 50 ரிங்கிட் வட்டி. முதல் செமஸ்டர் பணம் 42 மாதம் ஓடுகிறது, அடுத்தது 36, பிறகு 30, 24, 18, கடைசியாக 12. கூட்டினால் 162 மாதம். 162-ஐ 50-ஆல் பெருக்கினால் 8,100 ரிங்கிட். தனி வட்டி முறையில், தவணை தொடங்கும் நாளில் உங்கள் அசல் 60,000 அல்ல, 68,100.

மாதத் தவணையை நீங்களே சரிபார்க்கலாம். கைப்பேசியில் எக்செலோ கூகுள் ஷீட்ஸோ இருந்தால் ஒரு கட்டத்தில் இதை அப்படியே தட்டுங்கள்:

```
=PMT(0.06/12,120,-68100)
```

756.05 என்று வரும். 68100-க்குப் பதில் 60000 போட்டால் 666.12. வித்தியாசம் மாதம் 89.93 ரிங்கிட். 120 மாதத்துக்கு அது சுமார் 10,790 ரிங்கிட். அதாவது, படிக்கும்போது சேர்ந்த 8,100 வெறும் 8,100-ஆக நிற்கவில்லை. அசலில் ஏறியதால் பத்து வருடத்தில் மேலும் சுமார் 2,690 ரிங்கிட்டை இழுத்துக்கொண்டது.

இதே கடனில் வட்டி மாதாமாதம் அசலில் ஏறினால் என்ன? 42-ஆம் மாத முடிவில் பாக்கி சுமார் 68,740, தவணை சுமார் 763 ரிங்கிட். தனி வட்டியை விட 640 ரிங்கிட்தான் கூடுதல். “வட்டிக்கு வட்டி” என்ற சொல்லைக் கேட்டுப் பயப்படுபவர்கள் இந்த எண்ணைக் கவனியுங்கள். அது கெட்டதுதான், ஆனால் பெரிய பாரம் அதில் இல்லை. இப்போது இதைப் பாருங்கள்: தனி வட்டியே இருக்கட்டும், ஆனால் 60,000 ரிங்கிட்டும் முதல் நாளிலேயே வெளியாகிவிட்டால், மாதம் 300 வீதம் 42 மாதத்துக்கு 12,600 ரிங்கிட் வட்டி. செமஸ்டர் வாரியாக எடுத்ததை விட 4,500 அதிகம். கூட்டு வட்டியா தனி வட்டியா என்று வாதாடுவதை விட, பணத்தைத் தேவைப்படும் செமஸ்டரில் மட்டும் வெளியாக்கச் சொல்வது ஏழு மடங்கு பலன் தருகிறது. என் பார்வையில் இந்தக் கடனில் பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

விகிதம் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. 2022 ஆகஸ்ட் முதல் புதிய சில்லறைக் கடன்களின் மிதக்கும் வட்டி எஸ்.பி.ஆர். எனும் அடிப்படை விகிதத்தின் மேல் வங்கி சேர்க்கும் ஒரு பங்கோடு வருகிறது. எஸ்.பி.ஆர். பேங்க் நெகாராவின் ஓ.பி.ஆர். எனும் கொள்கை வட்டி விகிதத்தோடு கட்டப்பட்டது. ஓ.பி.ஆர். 2020 ஜூலையில் 1.75 விழுக்காட்டுக்கு இறங்கியது, 2023 மே மாதத்தில் 3.00-க்கு ஏறியது, 2025 ஜூலையில் 2.75-க்கு இறங்கியது. ஒரே மாணவர் படித்து முடிப்பதற்குள் 1.25 விழுக்காடு ஏறிய காலம் அது. முழு 60,000-உம் வெளியான பிறகு அத்தகைய ஏற்றம் வந்தால் மாதம் 62.50 ரிங்கிட் கூடுதல் வட்டி, நீங்கள் ஒரு சென்னும் கட்டாமலேயே சேரும். ஆகவே கடிதத்தில் போட்டிருக்கும் தவணைத் தொகையை உத்தேசமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு ஸ்டேட்மெண்ட்: 25 சென் சொல்லும் உண்மை

கடிதம் தெளிவில்லாமல் இருந்தால், வட்டி எப்படிச் சேர்கிறது என்பதை ஸ்டேட்மெண்ட்டே காட்டிக்கொடுக்கும். வங்கிகள் நாள் கணக்கில் வட்டி போடுகின்றன: பாக்கி, பெருக்கல் வருட விகிதம், பெருக்கல் நாட்கள், வகுத்தல் 365. மேலே மாதம் 50 என்று சுற்றிப் போட்டேன். ஸ்டேட்மெண்ட்டில் சென் வரை வரும்.

10,000 ரிங்கிட், 6 விழுக்காடு, முதல் மாதம் 31 நாள் என்றால் வட்டி 50.96. அடுத்த மாதம் 30 நாள். தனி வட்டி என்றால் அந்த மாதம் 49.32 வர வேண்டும். முதல் மாத வட்டி அசலில் ஏறிவிட்டது என்றால் 10,050.96-க்குக் கணக்குப் போட்டு 49.57 வரும். வித்தியாசம் 25 சென். இந்தச் சிறிய தொகைக்காக வங்கியோடு சண்டை போடத் தேவையில்லை. உங்கள் கடன் எந்த வகை என்பதை அது சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான். கடிதத்தில் ஒன்றும் ஸ்டேட்மெண்ட்டில் வேறொன்றும் இருந்தால் மட்டும் இரண்டையும் அச்செடுத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள். ஸ்டேட்மெண்ட்டில் அசல் பாக்கி ஒரு வரியிலும் சேர்ந்த வட்டி வேறு வரியிலும் தனித்தனியே இருந்து, அசல் எண் அசையாமல் நின்றால், அதுவும் தனி வட்டிக்கு அடையாளம்.

படிக்கும்போதே கட்டுவது: எவ்வளவு, எப்போது, எப்படி

முழு வட்டியையும் மாதாமாதம் கட்ட முடிந்தால் அசல் 60,000-இலேயே நிற்கும். முதல் ஆறு மாதம் 50 ரிங்கிட், அடுத்த ஆறு மாதம் 100 என்று ஏறி, கடைசியில் மாதம் 300. முதல் வருடம் பலராலும் முடியும், மூன்றாவது வருடம் பலருக்குக் கஷ்டம். அதனால் பாதியாவது கட்டலாம் என்பதே நான் பெரும்பாலும் சொல்லும் வழி. இரண்டாவது செமஸ்டரிலிருந்து மாதம் 100 ரிங்கிட் தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்தால், 36 மாதத்தில் 3,600 கட்டியிருப்பீர்கள். அசலில் ஏறும் வட்டி 8,100-இலிருந்து 4,500-ஆகக் குறையும். தவணை 756.05 அல்ல, 716.08. கட்டிய 3,600-க்குப் பதிலாகப் பத்து வருடத்தில் சுமார் 4,800 ரிங்கிட் குறைகிறது.

கட்டிய பணம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மொராட்டோரியத்தில் கேட்காமலே வரும் பணத்தைச் சில வங்கிகள், பின்னால் வரும் தவணைக்கு முன்பணம் என்று எடுத்து ஒரு மூலையில் வைத்துவிடும். வட்டி குறையாது. மூன்று வருடம் கழித்து, “உங்களுக்கு அஞ்சு தவணை முன்கூட்டியே கட்டியிருக்கு” என்பார்கள். இடையில் ஓடிய வட்டியோ முழுமையாக அசலில் ஏறியிருக்கும். ஆகவே முதல் 100 ரிங்கிட்டை அனுப்புவதற்கு முன் கிளைக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்: இந்தப் பணத்தைச் சேர்ந்த வட்டிக்கு எதிராக வரவு வைக்க வேண்டும், மிஞ்சினால் அசலில் கழிக்க வேண்டும், முன்பணமாக வைக்கக் கூடாது. சில வங்கிகள் இதற்குப் படிவம் வைத்திருக்கின்றன, நிரப்பிக் கொடுங்கள். பதில் எழுத்தில் வர வேண்டும். பிறகு அடுத்த ஸ்டேட்மெண்ட்டைப் பாருங்கள். சேர்ந்த வட்டி வரியில் 100 குறைந்திருந்தால் சரி. எந்த வரியும் அசையாமல், முன்பணம் என்று புதிய வரி ஒன்று முளைத்திருந்தால் அன்றே போன் செய்யுங்கள். விட்டால் அது மாதாமாதம் தொடரும்.

உங்கள் கடன் தனி வட்டி வகை என்றால் இன்னொரு வழியும் உண்டு. தனியே ஒதுங்கி நிற்கும் வட்டி, அசலில் ஏறும் நாள் வரை தன் மேல் வட்டி போடுவதில்லை. அதனால் அதை மாதாமாதம் கட்டினாலும், ஏறுவதற்கு முந்தின வாரம் மொத்தமாகக் கட்டினாலும் கடன் கணக்கில் முடிவு ஒன்றே. அதுவரை அந்தப் பணத்தை நிரந்தர வைப்பில் போட்டு வைத்தால் அதன் வட்டி உங்களுக்கு மிச்சம். போனஸ் வரும்போது ஒதுக்கி வைக்கும் பழக்கமுள்ள குடும்பத்துக்கு இது பொருந்தும். கையில் இருந்தால் தீபாவளிக்குச் செலவாகிவிடும் என்று தெரிந்தால் மாதாமாதம் 100 ரிங்கிட் வழியே நல்லது. கூட்டு வட்டி வகையில் இந்தத் தந்திரம் செல்லாது, அங்கே சீக்கிரம் கட்டுவதே லாபம்.

இ.பி.எஃப். கணக்கின் செஜாத்ரா பகுதியிலிருந்து பிள்ளையின் கல்விக்கு எடுக்க முடியும் என்பதால், அதை எடுத்துக் கடன் தொகையையே குறைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2024-ஆம் ஆண்டுக்கு இ.பி.எஃப். கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு. 6 விழுக்காட்டுக் கடனைக் குறைக்க 6.30 ஈட்டும் ஓய்வுக்காலப் பணத்தை எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கடன் வட்டி 8, 9 என்று இருந்தால் கணக்கு மாறும். அப்போதும் அப்பா அம்மாவின் வயதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

செமஸ்டர் தள்ளிப்போனால்

ஒரு பாடம் தவறிவிட்டது, உடம்பு சரியில்லை, இன்டர்ன்ஷிப் கிடைக்கத் தாமதம். காரணம் எதுவானாலும் ஆறு மாதம் தள்ளிப்போனால், முழுக் கடனும் வெளியான நிலையில் 1,800 ரிங்கிட் வட்டி கூடும். நம் கணக்கில் 68,100 என்பது 69,900 ஆகும், தவணை 776.03. புதிய கட்டணம் எதுவும் இல்லாவிட்டாலும் இவ்வளவு.

இதைவிட முக்கியம், வங்கிக்குத் தெரிவிப்பது. கல்லூரிப் பதிவாளரிடம் புதிய முடிவுத் தேதியோடு கடிதம் வாங்கி, மொராட்டோரியம் முடிவதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே கொடுங்கள். நீட்டிப்பது வங்கியின் விருப்பம், உங்கள் உரிமை அல்ல. அதனால் மறுப்பு வந்தாலும் வேறு ஏற்பாடு பேச அவகாசம் வேண்டும். நீட்டிப்புக் கிடைத்தால் இன்னொன்றையும் கேளுங்கள்: வட்டி பழைய தேதியிலேயே அசலில் ஏறுமா, புதிய தேதியிலா? பழைய தேதியில் ஒரு முறை ஏறி, புதிய தேதியில் மறுபடி ஏறினால், தனி வட்டிக் கடன் என்று நீங்கள் எடுத்தது பாதி வழியில் குணம் மாறிவிடும்.

தவணை தொடங்கும் கடைசி இரண்டு மாதம்

முடிவுத் தேதிக்கு ஆறு வாரம் இருக்கும்போது, அன்றைய தேதி வரை சேர்ந்த வட்டி எவ்வளவு, அசலில் ஏறும் நாள் எது என்று எழுத்தில் கேளுங்கள். கட்ட முடிந்ததை அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை அனுப்பிய பணம் திங்கட்கிழமை வரவில் ஏறி, வட்டி சனிக்கிழமை அசலாகிவிட்டால், அந்தப் பணம் போன வேலை வேறாகிவிடும். 8,100-இல் 2,000 மட்டும்தான் கையில் இருக்கிறது என்றாலும் அனுப்புங்கள். அதுவே தவணையில் மாதம் 22 ரிங்கிட்டைக் குறைக்கும்.

பிறகு வங்கி புதிய தவணை அட்டவணை அனுப்பும். அதில் தொடக்க அசலை மட்டும் முதலில் பாருங்கள். நீங்கள் வைத்திருக்கும் கணக்கோடு சில ரிங்கிட் வித்தியாசம் இருப்பது நாள் கணக்கால் வருவது, கவலை வேண்டாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் மூன்று இடங்களில் தேடுங்கள்: படிக்கும்போது கட்டியது முன்பணமாகப் போயிருக்கும், அல்லது விகிதம் இடையில் மாறியிருக்கும், அல்லது ஏதோ கட்டணம் அசலில் சேர்க்கப்பட்டிருக்கும். அந்த அசலையும் இன்றைய விகிதத்தையும் மேலே சொன்ன சூத்திரத்தில் போட்டால் தவணை சரியா என்று ஒரு நிமிடத்தில் தெரியும். கிளையில் கேட்டும், வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுதியும் சரியான பதில் வராவிட்டால் பேங்க் நெகாராவின் பொதுமக்கள் சேவைப் பிரிவான பி.என்.எம்.லிங்க் வழியாகக் கேட்கலாம்.

முதல் தவணை வரும்போது பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை என்றால் தேதி கடக்கும் முன்பே வங்கியிடம் போங்கள். கட்டாமல் விட்ட மாதங்கள், வங்கிகள் பார்க்கும் சி.சி.ஆர்.ஐ.எஸ். எனும் கடன் வரலாற்றுப் பதிவில் பன்னிரண்டு மாதத்துக்குத் தெரியும். பிறகு கார் கடன் கேட்கும்போது அதைத்தான் முதலில் திறப்பார்கள். கடன் ஆலோசனை நிறுவனமான ஏ.கே.பி.கே.யின் ஆலோசனை இலவசம், கடனை மறுசீரமைக்க அவர்கள் வங்கியோடு பேசுவார்கள். அங்கே போகும்போதும் தவணைக் காலத்தை நீட்டி மாதத் தொகையைக் குறைப்பதா, இன்னும் ஆறு மாதம் வெறுமனே ஒத்திவைப்பதா என்று இரண்டுக்கும் எண் கேளுங்கள். 68,100 ரிங்கிட்டுக்கு ஆறு மாத ஒத்திவைப்பு என்றால் இன்னொரு 2,043 ரிங்கிட் வட்டி. குறைத்த தவணையாக மாதம் 341 ரிங்கிட்டாவது கட்ட முடிந்தால் அசல் ஏறாமல் அதே இடத்தில் நிற்கும்.